சிறுத்தை ஏன் ஒரே தடத்தில் நடக்கிறது? - பார்வையாளர்களுக்கு ஒரு கடிதம்

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரு மிருகக்காட்சி சாலைக்குப் போயிருந்தேன். நான் வேலை பார்த்த பூங்கா இல்லை, வேறு ஊர். சிறுத்தைக் கூண்டு முன்னால் நல்ல கூட்டம். உள்ளே ஒரு ஆண் சிறுத்தை வேலியோரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் மகனிடம், "பசி எடுத்துருச்சுடா, அதான் இப்படி அலையுது" என்றார். இன்னொரு அம்மா, "இல்லைங்க, சாப்பிட்டது செரிக்க நடக்குது" என்றார். என் பேத்தி என்னைப் பார்த்து, "தாத்தா, நீங்கதானே கீப்பர்? சொல்லுங்க" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருடம் கீப்பராக இருந்தவன். அதில் பாதிக் காலம் அந்த அப்பாவும் அந்த அம்மாவும் சொன்னதையேதான் நானும் கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உண்மையான பதில் தெரியும். ஆனால் கூண்டு முன்னால் நின்று இரண்டு வரியில் சொல்ல முடியாது. அதனால் வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை எழுதினேன்.

அன்புள்ள பார்வையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 1983-ல் தினக்கூலியாகச் சேர்ந்து, பிறகு கீப்பராகி, 2016-ல் ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் பெரிய பூனை இனங்களோடுதான் வேலை. சிங்கம், புலி, சிறுத்தை மூன்றையும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் வேலை பார்த்த பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போவது வள்ளி என்ற ஒரு சிறுத்தையின் கதை.

வள்ளி 2004-ல் வந்தது. தேயிலைத் தோட்டப் பக்கம் ஆடு, நாய் என்று பிடித்துக்கொண்டிருந்ததால் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். கூண்டுக்குள் மாட்டியதும் கம்பியைக் கடித்துக் கடித்து மேல் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்துபோயின. கோரைப் பல் இல்லாத சிறுத்தையால் இரையின் கழுத்தைப் பிடித்துக் கொல்ல முடியாது. மறுபடி காட்டில் விட்டால் பட்டினி கிடந்து சாகும், இல்லையென்றால் திரும்பவும் ஊருக்குள் வரும். அதனால் எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது மூன்று, நான்கு வயது இருக்கும் என்று டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்னார்.

வாய்ப் புண் ஆறும்வரை மூன்று மாதம் சிகிச்சைக் கூண்டில் இருந்தது. சிமெண்டுத் தரை, ஐந்தடி எடுத்து வைத்தால் சுவர் வந்துவிடும். அதற்குள்தான் முதலில் நடக்க ஆரம்பித்தது. பிறகு வெளிக்கூண்டுக்கு மாற்றினோம். மண் தரை, மரங்கள், ஒரு சின்னத் தொட்டி எல்லாம் உண்டு. சிறுத்தை ஜோடிக்குக் குறைந்தது 500 சதுர மீட்டர் வெளியிடம் வேண்டும் என்பது மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் கணக்கு. எங்கள் கூண்டு அதைவிடக் கொஞ்சம் பெரியது. வள்ளி மட்டும்தான் அதில். இனி நடக்காது என்று நினைத்தோம்.

நடந்தது. இரவுக் கூண்டின் ஷட்டரில் தொடங்கி, இடது பக்க வேலியை ஒட்டியே பதினோரு அடி போகும். ஒரு வேப்பமரத்தின் அடியில் தலையைத் தூக்கி ஒரு நொடி நிற்கும். இடது பக்கமாகத் திரும்பி, மறுபடி ஷட்டருக்கு வரும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே கால். ஒரு வருடத்தில் அந்த வழியில் புல் செத்து, மண் கெட்டித்துப்போய், மாட்டு வண்டித் தடம் மாதிரி ஆகிவிட்டது. வேப்பமரத்தடியில் திரும்பும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். காட்டிலும் சிறுத்தை நடக்கும். தன் எல்லையைச் சுற்றி வருவது அதன் அன்றாட வேலை. அந்த நடைக்கும் இந்த நடைக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கூண்டு முன்னால் நின்று கண்டுபிடிக்கலாம். எல்லையைச் சுற்றும் சிறுத்தை அங்கங்கே நிற்கும், மரத்தை மோந்து பார்க்கும், வாலைத் தூக்கி மூத்திரம் பீய்ச்சும், மரத்தைப் பிராண்டும், வழியை மாற்றும். ஒரே தடத்தில் நடக்கும் சிறுத்தை எதையும் மோந்து பார்க்காது. கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. புதிதாக ஒரு பொருளை வழியில் போட்டாலும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இப்படிப் பயன் எதுவும் தெரியாமல், மாறாமல், திரும்பத் திரும்பச் செய்யும் அசைவை ஸ்டீரியோடைப்பி என்று சொல்வார்கள்.

சரி, ஏன் நடக்கிறது? 2003-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். எங்கள் டாக்டர்தான் அதைப் படித்துச் சொன்னார். கூண்டில் அடைபட்ட மாமிச உண்ணிகளில் எது அதிகம் நடக்கிறது, எது நடப்பதில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வேட்டையாட வழியில்லாததால்தான் நடக்கிறது என்று அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. காட்டில் எந்த விலங்கு பெரிய பரப்பில் சுற்றித் திரிகிறதோ, அதுதான் கூண்டில் அதிகம் நடக்கிறது. பனிக்கரடிதான் மிக மோசம். அதற்கு மிருகக்காட்சி சாலையில் கிடைக்கும் இடம், காட்டில் அது சுற்றும் குறைந்தபட்சப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

நம் சிறுத்தைக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் சிறுத்தை சுற்றும் பரப்பு காட்டுக்குக் காடு மாறும். பத்துச் சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 500 சதுர மீட்டர் என்பது நம் ஊர்க் கணக்கில் இரண்டே கால் கிரவுண்டு. அதாவது இருபதாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் இந்தக் கணக்கிலேயே நின்றுவிட்டால், 'இடம் போதாது, அதனால் நடக்கிறது' என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன். இடம் கொடுக்க என்னால் முடியாது, அது மேலிடத்து வேலை என்று.

டாக்டர் விடவில்லை. "ஏம்ப்பா, இருபத்துநாலு மணி நேரமும் நடக்குதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க டாக்டர். சில நேரம் படுத்திருக்கும்."

"எந்த நேரம் நடக்குது, எந்த நேரம் படுத்திருக்கு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வருடமாகத் தினமும் பார்க்கிறேன், பதில் தெரியவில்லை. அவர் கோடு போட்ட தாள் ஒன்று கொடுத்தார். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, அந்த நொடியில் என்ன செய்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். நடந்தால் ந, படுத்திருந்தால் ப, வேறு ஏதாவது செய்தால் வே. ஒரு நாளைக்கு 96 குறி. ஐந்து நாள், விடுமுறை நாளான செவ்வாயையும் சேர்த்து எழுதச் சொன்னார். நானும் இன்னொரு கீப்பரும் மாற்றி மாற்றி உட்கார்ந்து எழுதினோம்.

எழுதிப் பார்த்ததும்தான் எனக்கே வெளிச்சமானது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை 24 குறியில் மூன்றோ நான்கோதான் 'ந'. மதியம் இரண்டரையிலிருந்து நாலரை வரை 24 குறியில் பத்தொன்பது, இருபது 'ந'. நான்கு மணிக்குத்தான் இறைச்சி. வாரத்தில் ஆறு நாள் இறைச்சி, ஒரு நாள் பட்டினி. எங்கள் பூங்காவில் அது செவ்வாய். பட்டினி நாளில் நான்கு மணிக்கும் நிற்கவில்லை, ஐந்து மணிக்குக் குறிப்பை முடிக்கும்போதும் நடந்துகொண்டேதான் இருந்தது.

"பார்த்தீங்களா டாக்டர், பசிதான்" என்றேன்.

"பசின்னா நேத்துச் சாப்பிட்ட நாலு கிலோ எங்கப்பா போச்சு? புதன்கிழமை காலையிலதான் அதுக்குப் பசி அதிகமா இருக்கணும். முந்தின நாள் பட்டினி. அன்னைக்குக் காலையில நடக்கலையே" என்றார்.

உண்மைதான். தாளில் புதன்கிழமை காலை முழுக்க 'ப'.

அந்த வேப்பமரத்தடி மட்டும் எனக்குப் புரியவில்லை. அங்கே என்ன இருக்கிறது, ஏன் அங்கேயே தலையைத் தூக்கித் திரும்புகிறது? ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லாத நேரத்தில், வள்ளியை உள்ளே அடைத்துவிட்டு அந்த இடத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். தலையைச் சிறுத்தையின் உயரத்துக்கு வைத்துக்கொண்டு பார்த்தேன். நின்று பார்க்கும்போது தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. வெளியே இருந்த செடிகளுக்குக் கீழே ஒரு இடைவெளி. அதன் வழியாக, இறைச்சி வெட்டும் அறையிலிருந்து வரும் பாதையின் திருப்பம் நேராகத் தெரிந்தது. தினமும் மூன்றே முக்காலுக்கு நான் இரும்பு வாளியைத் தள்ளுவண்டியில் வைத்து லொடலொடவென்று அந்தத் திருப்பத்தில்தான் திரும்புவேன்.

வள்ளி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஷட்டருக்குப் போனது அது திறக்கிறதா என்று பார்க்க. மரத்தடிக்கு வந்தது வண்டி வருகிறதா என்று பார்க்க. நடுவில் இருந்த பதினோரு அடியும் அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. நேரம் தவறாதவன் என்று எனக்குப் பூங்காவில் நல்ல பெயர். கடிகாரம் மாதிரி நான்கு மணிக்கு உணவு. அந்த ஒழுங்குதான் தினமும் இரண்டு மணி நேரம் அந்தச் சிறுத்தையைத் தடத்தில் ஓட்டியிருக்கிறது.

காட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உணவு தேட வேண்டும் என்ற உந்துதல் வந்தால் சிறுத்தை எழுந்து நடக்கும். நடந்தால் ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு தடம் கிடைக்கும். பதுங்கும், பாயும், பெரும்பாலும் தவறவிடும், மறுபடி நடக்கும். நடைக்குப் பிறகு ஏதாவது ஒன்று இருக்கும். கூண்டில் முதல் படி மட்டும்தான் உண்டு. எழுந்து நடக்கிறது, வேலி வருகிறது, திரும்புகிறது. இரண்டாவது படி இல்லாததால் முதல் படியையே திரும்பத் திரும்பச் செய்கிறது. நாள்பட நாள்பட அது பழக்கமாகி, காரணம் இல்லாத நேரத்திலும் கால் தானாக அந்தத் தடத்தில் போகும்.

பிறகு சில மாற்றங்கள் செய்தோம். முதலில் செய்ததெல்லாம் தப்பு. தடத்தின் குறுக்கே ஒரு பெரிய மரக்கட்டையைப் போட்டோம். வள்ளி முதல் நாள் அதன்மேல் ஏறித் தாண்டியது, மறுநாள் அதற்குப் பக்கத்திலேயே புதுத் தடம் போட்டுக்கொண்டது. வழியை மறித்தால் நடை நிற்காது. அடுத்து, நான்கு மணிக்குப் பதிலாக ஒரு நாள் பதினொரு மணி, ஒரு நாள் மூன்று மணி, ஒரு நாள் ஐந்து மணி என்று உணவு நேரத்தை மாற்றினோம். அந்த வாரம் இன்னும் மோசம். எப்போது வரும் என்று தெரியாமல் பதினொரு மணிக்கே நடக்க ஆரம்பித்தது. வாளி எங்கே சத்தம் போட்டாலும், தண்ணீர் பிடிக்கப் போனாலும்கூட, எழுந்து ஓடிவந்தது.

டாக்டர் யோசித்து ஒன்று சொன்னார். "நேரம் மாறட்டும். ஆனா அடையாளம் மாறக்கூடாது. சாப்பாடு நிஜமா வரும்போது மட்டும் ஒரு சத்தம். மத்த சத்தம் எதுக்கும் அர்த்தம் இல்லைன்னு அதுக்குத் தெரியணும்."

என் பழைய சைக்கிளிலிருந்து பெல்லைக் கழற்றி ஷட்டர் பக்கத்தில் மாட்டினேன். இறைச்சியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெல் அடிப்பேன். அடித்த ஒரு நிமிடத்துக்குள் உணவு உள்ளே போய்விடும். உணவு இல்லாமல் ஒரு நாளும் அடிக்கவில்லை. இரும்பு வாளியை விட்டுவிட்டு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறினேன். வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வாரத்தில் வாளிச் சத்தத்துக்கு வள்ளி தலையைக்கூடத் தூக்கவில்லை. பெல்லுக்கு மட்டும் எழுந்தது.

அதோடு இரண்டாவது படிக்கும் ஏதாவது செய்தோம். காலையில் வெளியே விடுவதற்கு முன், நாலு கிலோவில் ஒரு கிலோவைத் துண்டு துண்டாக மரக்கட்டைக்கு அடியிலும் மரக்கிளை இடுக்கிலும் ஒளித்து வைப்போம். மோந்து தேடி எடுக்க அதற்கு அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். மான் கூண்டில் கிடந்த பழைய வைக்கோலைக் கொண்டுவந்து போட்டால் அதில் புரண்டு புரண்டு எழும். பட்டையும் கிராம்பும் பொடித்து மரத்தில் தடவினால் தாடையைத் தேய்க்கும். ஆனால் ஒரே வாசனையை மூன்று நாள் தொடர்ந்து வைத்தால் நாலாவது நாள் திரும்பிப் பார்க்காது. மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் கீப்பருக்கு உண்மையான வேலை.

கடைசியாக, கூண்டின் பின்பக்கம் எட்டடி உயரத்தில் ஒரு மரப்பரண் கட்டி, முன்னால் கீற்றுத் தட்டி ஒன்று வைத்து மறைத்தோம். சிறுத்தை உயரத்தில் படுக்கிற விலங்கு. தன்னை யாரும் பார்க்காமல், தான் எல்லோரையும் பார்க்கிற இடம் அதற்கு வேண்டும். 2002-ல் அவந்தி மல்லாப்பூர் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் தென்னிந்தியாவில் நான்கு மிருகக்காட்சி சாலைகளின் சிறுத்தைகளைப் பார்த்து எழுதியதிலும் இதுதான் இருக்கிறது. கூண்டின் ஓரத்தை அவை நடக்கவும், பின்பகுதியை ஓய்வெடுக்கவும்தான் அதிகம் பயன்படுத்தின என்று. பின்னால் ஒதுங்க நல்ல இடம் இருந்தால்தானே ஓரத்தை விட்டு நகரும்?

மறுபடி தாளில் எழுதிப் பார்த்தோம். நாள் முழுவதுமான 96 குறியில் முன்பு நாற்பதுக்கு மேல் 'ந' இருந்தது. இப்போது இருபது, இருபத்திரண்டு. பாதியாகக் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. அந்த மூன்று மாதச் சிகிச்சைக் கூண்டில் தொடங்கியது அதற்குள் எங்கோ தங்கிவிட்டது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கஸ் என்று ஒரு பனிக்கரடி இருந்தது. தண்ணீரில் மணிக்கணக்காக எட்டுப் போட்டு நீந்தி 1990-களில் செய்தியானது. அதற்கும் நிறைய மாற்றங்கள் செய்த பிறகு நீச்சல் குறைந்ததே தவிர முழுதாக நிற்கவில்லை. அதனால், நல்ல கூண்டில் ஒரு சிறுத்தை நடந்தால் உடனே அந்தக் கீப்பரைத் திட்டாதீர்கள். அது பழைய காயத்தின் தழும்பாக இருக்கலாம். அதே மாதிரி, மோசமான கூண்டில் ஒரு சிறுத்தை நடக்காமல் கிடந்தால் அது நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணைத் திறந்தபடி, காதைக்கூட அசைக்காமல், நாள் முழுக்க ஒரே மூலையில் கிடக்கும் விலங்கை நினைத்து நான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறேன். நடப்பது குறைந்தபட்சம் ஏதோ ஒன்றைத் தேடுகிறது.

இதுவரை சொன்னது எங்கள் பக்கத்துக் கதை. இனி உங்கள் பக்கம்.

பரணும் தட்டியும் வைத்த பிறகு வள்ளி பகலில் பெரும்பாலும் பரண்மேல் படுத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வால் மட்டும் தொங்குவது தெரியும். பார்வையாளர் புத்தகத்தில் புகார் வர ஆரம்பித்தது. 'காசு கொடுத்து வந்தோம், புலி தெரியவில்லை' என்று. சிறுத்தையைப் புலி என்றுதான் பாதிப் பேர் எழுதுவார்கள். சிலர் கைதட்டினார்கள், சிலர் விசில் அடித்தார்கள், ஒருவர் கல்லெடுத்துத் தட்டிமேல் எறிந்தார். காணும் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கூட்டம் வரும், தட்டியை எடுத்துவிடுங்கள் என்று. எடுத்தேன். என் கையாலேயே எடுத்தேன்.

காணும் பொங்கல் அன்று காலை ஒன்பதரைக்கே வள்ளி தடத்தில் இறங்கிவிட்டது. கூண்டு முன்னால் ஐந்து வரிசைக் கூட்டம். "நல்லா நடக்குதுப்பா, சூப்பரா தெரியுது" என்று சந்தோஷமாகப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். அன்று ஒரு புகார்கூட வரவில்லை. மாலை வரை நான் குறித்த 96-ல் அறுபத்தெட்டு 'ந'. சாயந்திரம் உள்ளே வந்தபோது வலது முன்னங்காலில் மெத்தை தேய்ந்து ரத்தம் கசிந்திருந்தது.

அந்தத் தாளை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் அதை இணைத்து மேலே ஒரு கடிதம் எழுதினார். பத்து நாளில் தட்டியைத் திரும்ப வைக்க அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம் காணும் பொங்கலுக்கு யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

நான் அந்தக் கூட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. தாள் எழுதுவதற்கு முந்தைய காலத்தில், தெரிந்தவர்கள் யாராவது வருகிறேன் என்றால், "மூணரை மணிக்கு வாங்க சார், அப்பதான் நல்லா நடக்கும், போட்டோ எடுக்கலாம்" என்று சொல்லி அனுப்புவேன். சில பேர் போகும்போது பத்தோ இருபதோ கையில் கொடுப்பார்கள். வாங்கியிருக்கிறேன். அது எதற்காக நடந்தது என்று தெரிந்த பிறகு, அந்தக் காசை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள்தான். சிறுத்தைக் கூண்டுக்குப் போகும்போது எதுவும் தெரியவில்லை என்றால் பின்பக்கம் உயரத்தில் பாருங்கள், நிழலில் பாருங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். சிறுத்தை அந்தி சாயும்போதும் விடியலிலும் நடமாடும் விலங்கு. பகலில் தூங்குவதுதான் அதற்கு இயல்பு. தொங்கும் ஒரு வாலும், ஒரு காதின் அசைவும் தெரிந்தால் நீங்கள் நல்ல சிறுத்தையைப் பார்த்துவிட்டீர்கள். கைதட்டாதீர்கள், கல் எறியாதீர்கள். மிருகக்காட்சி சாலையில் விலங்குகளைச் சீண்டுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது.

நடந்துகொண்டிருந்தால், எந்த இடத்தில் திரும்புகிறது என்று கவனியுங்கள். அங்கிருந்து அதற்கு என்ன தெரியும், என்ன கேட்கும் என்று யோசியுங்கள். கீப்பர் பக்கத்தில் இருந்தால், "ஏன் நடக்குது?" என்று கேட்பதைவிட, "எந்த நேரத்துல அதிகமா நடக்குது?" என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. யாராவது கேட்டால் ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்ப்பார். பார்வையாளர் புத்தகம் இருந்தால் அதிலும் எழுதுங்கள். 'சிறுத்தை தெரியவில்லை' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'சிறுத்தை நிம்மதியாகத் தூங்கியது' என்று நாலு பேர் எழுதினால், அந்தத் தட்டியை எடுக்கச் சொல்லி யாருக்கும் உத்தரவு வராது.

வள்ளி 2014-ல் இறந்தது. வயதாகி, சிறுநீரகம் கெட்டு. கடைசி ஆறு மாதம் பரணில் ஏற முடியாததால் கீழேயே ஒரு மேடை போட்டுக் கொடுத்தோம். நடை ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஆனாலும் சில நாள் மூன்றே முக்காலுக்கு மெதுவாக எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய், தலையைத் தூக்கி ஒரு நொடி நின்றுவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். பல வருடங்களாக அந்தத் திருப்பத்தில் யாரும் வாளி கொண்டுவரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கீப்பர்

பி.கு.: கடிதத்தைப் பேத்தி படித்துவிட்டாள். "அப்ப அன்னைக்கு நாம பார்த்த சிறுத்தை எதைத் தாத்தா பார்த்துச்சு?" என்று கேட்கிறாள். அடுத்த ஞாயிறு மறுபடி போகலாம், அது திரும்புகிற இடத்துக்கு நேராக வெளியே உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். தாளும் பென்சிலும் எடுத்துவைத்திருக்கிறாள்.